பில் கட்டிலிருந்து விற்பனைப் பதிவேடு: மாத வரிக்கணக்கு உருவாகும் விதம்

ஒரு கடை ஒரு மாதத்தில் போட்ட பில்கள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் வரியையும் பிரித்துக் காட்டும் கணக்கே விற்பனைப் பதிவேடு. ஜிஎஸ்டி பதிவு பெற்ற வணிகர் மாதந்தோறும் தாக்கல் செய்யும் இரண்டு ரிட்டர்ன்களும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. விற்பனை விவரங்களைச் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள்ளும், வரித்தொகையைச் சொல்லிப் பணம் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி 20ஆம் தேதிக்குள்ளும் போக வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் விரும்பினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யலாம். அவர்களுக்கும் பதிவேடு போடும் முறை இதுவேதான்.

பில்லிங் மென்பொருள் ஒழுங்காக ஓடும் கடையில் பதிவேடு ஒரு பொத்தானை அழுத்தினால் வந்துவிடும். சிக்கல் மற்ற கடைகளில்தான். கவுன்ட்டரில் கையால் எழுதிய பில் புத்தகம் ஒன்று, கணினியில் போட்டு பிடிஎஃப் ஆக வாட்ஸ்அப்பில் அனுப்பிய பில்கள் சில, ஸ்கேன் எடுத்த தாள்கள் சில என்று மாதக் கடைசியில் ஆடிட்டர் அலுவலகத்துக்கு ஒரு கட்டு போய்ச் சேரும். அதிலிருந்து எண், தேதி, தொகை, வரி ஆகியவற்றை எழுத்துணரி மென்பொருளோ ஒரு பணியாளரோ பிரித்தெடுத்து எக்செல் தாளில் ஏற்றுகிறார்கள். அப்படி ஏற்றிய தாளைப் பதிவேடு என்று அழைப்பது அவசரம். பில் எண்கள் ஒன்றுவிடாமல் கணக்கில் வந்தனவா, ஒவ்வொரு வரியின் கூட்டலும் தன்னளவில் சரியா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகுதான் அது பதிவேடு. அதற்குப் பின் வரியைத் தொகுப்பது சிறு வேலை.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையை எடுத்துக்கொள்ளலாம். கணக்கைச் சுருக்கமாக வைக்க, எவர்சில்வர் பாத்திரமும் மிக்சியும் மட்டுமே விற்கும் கற்பனைக் கடை. பாத்திரத்துக்கு வரி 5 சதவீதம், மிக்சிக்கு 18 சதவீதம். 2025 நவம்பரில் அந்தக் கடை போட்ட பில்கள் KB/25-26/0412 முதல் KB/25-26/0420 வரை. இனி கடைசி நான்கு இலக்கம் போதும்.

முதலில் தாளின் அமைப்பு. பில் எண், தேதி, வாங்குபவரின் ஜிஎஸ்டி எண், வழங்கல் இடத்தின் மாநிலக் குறியீடு, வரிக்கு உட்பட்ட மதிப்பு, வரி விகிதம், சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி, பில்லின் மொத்தத் தொகை என்று பத்துப் பத்திகள், A முதல் J வரை. ஒரு பில்லுக்கு ஒரு வரி என்று தொடங்குவதுதான் புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு. 0413ஆம் பில்லைப் பார்க்கலாம். உள்ளூர் வாடிக்கையாளர் ஒருவர் 6,000 ரூபாய்க்குப் பாத்திரமும் 10,000 ரூபாய்க்கு மிக்சியும் வாங்கியிருக்கிறார். பாத்திரத்துக்கு வரி 300, மிக்சிக்கு 1,800, மொத்தம் 18,100. இதை ஒரே வரியில் 16,000 என்று எழுதினால் எந்த விகிதத்தின் கீழ் வைப்பது? அதனால் ஒரு பில்லில் எத்தனை விகிதங்கள் உண்டோ அத்தனை வரிகள். பில் எண்ணும் மொத்தத் தொகையும் இரண்டு வரிகளிலும் திரும்ப வரும். மதிப்பும் வரியும் மட்டும் பிரியும்.

விகிதத்தைப் பில்லில் அச்சானபடியே எடுக்க வேண்டும், பொருளின் பெயரைப் பார்த்து நிரப்பக் கூடாது. 2025 செப்டம்பர் 22 அன்று விகிதங்கள் மாறியபோது எவர்சில்வர் பாத்திரம் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியது. அந்த மாதப் பதிவேட்டில் ஒரே பொருள் இரண்டு விகிதங்களில் இருப்பதுதான் சரி. பொருள் பட்டியலிலிருந்து விகிதத்தை நிரப்பிய தாள்கள் அந்த மாதம் தவறாகவே வந்திருக்கும்.

அடுத்தது எண் வரிசை. ஜிஎஸ்டி விதி 46இன்படி பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது, 16 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது. இந்தத் தொடர்ச்சி, கணக்கு எழுதுபவருக்குக் கிடைத்த பெரிய வசதி. கும்பகோணக் கடையின் தாளில் எண்களை ஏறுவரிசையில் அடுக்கியபோது 0415, 0419 இரண்டும் இல்லை. 0420 இரண்டு முறை இருந்தது.

0415 ரத்தான பில். பில் புத்தகத்தில் குறுக்கே கோடு போட்டு, மூலப்படி கிழிக்காமல் வைக்கப்பட்டிருக்கிறது. ரத்தானதைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடாமல் மதிப்பு பூஜ்யமாக எழுதி வைப்பது நல்லது. ஜிஎஸ்டிஆர்-1இன் 13ஆம் அட்டவணை, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போடப்பட்டது, அவற்றில் எத்தனை ரத்து என்று கேட்கிறது. இங்கே 9 பில், 1 ரத்து, மிச்சம் 8.

0420 இரண்டு முறை வந்ததற்குக் காரணம், மூலப்படியும் நகலும் சேர்த்து ஸ்கேன் ஆனது. சரக்கு விற்பனைக்கு மூன்று படிகள் எடுப்பது விதி என்பதால் இது அடிக்கடி நடக்கும். வெறும் பில் எண்ணை வைத்து இரட்டிப்பைத் தேடினால் இரண்டு விகிதம் உள்ள 0413உம் தவறு என்று காட்டும். எண்ணையும் விகிதத்தையும் சேர்த்து எண்ண வேண்டும்:

```
=COUNTIFS(A:A,A2,F:F,F2)
```

விடை 1 என்றால் சரி. 2 என்று வந்தால் பில்லை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரே விகிதத்தில் இரண்டு பொருள்களைத் தனித்தனி வரிகளாக ஏற்றியிருந்தாலும் 2 வரும்; அப்போது அவற்றை ஒரே வரியாகச் சேர்த்துவிடலாம்.

0419தான் உண்மையிலேயே விடுபட்டது. வேறொரு பில்லோடு ஒரே பிடிஎஃப் கோப்பில் இரண்டாம் பக்கமாக அது இருந்தது. பிரித்தெடுத்தவர் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டார். கவுன்ட்டரில் பொதுமக்களில் ஒருவருக்குப் போட்ட, 12,600 ரூபாய் பில். இப்படிப்பட்ட பில்தான் மிகுந்த கவனம் கேட்கிறது. ஜிஎஸ்டி எண் உள்ள வணிகருக்குப் போட்ட பில் விடுபட்டால் அவரே தொலைபேசியில் அழைப்பார். அவருடைய ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் அந்த பில் வராததால் அவர் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. பதிவு இல்லாத வாடிக்கையாளரின் பில் விடுபட்டால் யாரும் அழைக்க மாட்டார்கள். ரிட்டர்னில் அது தனி பில்லாகக்கூட வராது, விகிதவாரியான மொத்தத்தில் கலந்துவிடும். அதைப் பிடிக்க எண் வரிசை ஒன்றே வழி.

மொத்தத்தைப் பார்த்து இந்தப் பிழைகளைக் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் இங்கே காணலாம். 0420 தமிழ்நாட்டு வணிகர் ஒருவருக்கு 30,000 ரூபாய்க்குப் பாத்திரம், வரி 1,500. அது இரட்டித்ததால் வரி 1,500 கூடுகிறது. 0419 விடுபட்டதால் 600 குறைகிறது. தாளின் மொத்தத்தில் தெரிவது 900 ரூபாய் வித்தியாசம் மட்டும். அந்த 900ஐ எந்த பில்லிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

எண்கள் நேரானதும் ஒவ்வொரு வரியையும் அதன் கணக்கை வைத்தே சோதிக்கலாம். மதிப்பை விகிதத்தால் பெருக்கினால் வரும் தொகையும் பில்லில் உள்ள மூன்று வரிகளின் கூட்டலும் ஒன்றாக இருக்க வேண்டும்:

```
=ROUND(E2*F2/100,2)-(G2+H2+I2)
```

விடை பூஜ்யம், அல்லது சில பைசா. அதற்கு மேல் போனால் ஏதோ ஓர் எண் தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. 0419ஐப் பின்னர் தாளில் ஏற்றியபோது இந்தச் சோதனை உதவியது. கவுன்ட்டர் பில்லில் வரி சேர்ந்த விலை 12,600 மட்டுமே பெரிதாக அச்சாகியிருந்தது; அதுவே மதிப்பு என்று ஏறிவிட்டது. 12,600க்கு 5 சதவீதம் 630 ரூபாய். பில்லின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த வரியோ 300ம் 300ம் சேர்ந்து 600. முப்பது ரூபாய் இடிக்கிறது. வரி சேர்ந்த தொகையை 105ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் உண்மையான மதிப்பு 12,000 கிடைக்கிறது. 18 சதவீதப் பொருளாக இருந்தால் 118ஆல் வகுக்க வேண்டும்.

தள்ளுபடி கொடுத்த பில்களிலும் இதே சோதனை பேசும். எழுத்துணரி தள்ளுபடிக்கு முந்தைய மொத்தத்தை எடுத்துக்கொண்டுவிடும். வரியோ தள்ளுபடிக்குப் பிந்தைய தொகைக்குப் போட்டது. வண்டி வாடகை பில்லில் சேர்ந்திருந்தால் நேர்மாறாக மதிப்பு குறைந்து தெரியும். இரண்டிலும் பில்லைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வரித்தொகைக்கு ஏற்றபடி மதிப்பைத் திருத்திக்கொள்வது கூடாது, ஏனென்றால் தவறு வரியிலும் இருக்கலாம்.

சில பிழைகள் இந்தச் சோதனைக்கும் அகப்படாது. எக்செல்லில் எண்போலத் தெரிந்தாலும் எழுத்தாகவே ஏறிய தொகையை SUM கூட்டாமல் விட்டுவிடும். மொத்தம் சத்தமில்லாமல் குறையும். ISTEXT என்ற சூத்திரம் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். 05/11/2025 என்ற தேதி மே 11 ஆக மாறுவதும் வழக்கம். மாதத்தின் 12ஆம் தேதி வரையுள்ள பில்களில் மட்டுமே இது நடக்கும், 12க்கு மேல் மாதம் கிடையாதே. மாதத்தை வைத்து வடிகட்டி எடுத்தால் அந்த பில்கள் பதிவேட்டிலிருந்தே காணாமல் போகும். அதனால் வடிகட்டுவதற்கு முன் நவம்பருக்கு வெளியே எந்தத் தேதியாவது இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

எந்த வரி என்பது அடுத்த கேள்வி. விற்பவரும் வழங்கல் இடமும் ஒரே மாநிலமென்றால் வரி பாதிப் பாதியாக சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. மாநிலம் மாறினால் முழுவதும் ஐஜிஎஸ்டி. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைச் சொல்லும்: தமிழ்நாடு 33, கேரளம் 32, கர்நாடகம் 29, புதுச்சேரி 34. பதிவு இல்லாத வாடிக்கையாளருக்கு அந்த எண் இல்லை. அங்கே பில்லில் எழுதிய முகவரிதான் ஆதாரம். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, பதிவு இல்லாதவருக்குச் சரக்கு விற்கும்போது பில்லில் எழுதிய முகவரியே வழங்கல் இடம். மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலும் முகவரி எழுதியதாகவே கொள்ளப்படும். எதுவுமே எழுதாவிட்டால் கடை இருக்கும் இடம்.

காவிரிக் கரைக் கடைகளுக்கு இதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. காரைக்கால் நாகப்பட்டினத்துக்கு மிக அருகில், தமிழ்நாட்டு ஊர்கள் சூழ இருந்தாலும் புதுச்சேரியைச் சேர்ந்தது, குறியீடு 34. 0416ஆம் பில் காரைக்காலில் உள்ள ஓர் அறக்கட்டளைக்குப் போனது. ஜிஎஸ்டி பதிவு இல்லாத அந்த அமைப்பு, 1,20,000 ரூபாய்க்கு மிக்சிகள் வாங்கியது. பில்லில் ஐஜிஎஸ்டி 21,600 சரியாகவே போடப்பட்டிருந்தது. பிரித்தெடுத்தவர் ஊர்ப் பெயரைப் பார்த்து மாநிலக் குறியீட்டை 33 என்று நிரப்பிவிட்டார். குறியீடு 33 என்றால் ஐஜிஎஸ்டி பத்தி காலியாக இருக்க வேண்டும், வேறெதுவானாலும் சிஜிஎஸ்டி பத்தி காலியாக இருக்க வேண்டும் என்ற எளிய சோதனை அதை உடனே பிடித்தது. பில்லிலேயே தவறான வரி போட்டிருந்தால் நிலைமை வேறு: பதிவேட்டில் மட்டும் மாற்றிச் சரிசெய்ய முடியாது, பில்லையே திருத்த வேண்டும்.

மற்ற பில்களில் சிக்கல் இல்லை. 0412 மதுரை வணிகருக்கு 40,000 ரூபாய்ப் பாத்திரம். 0414 பெங்களூரு வணிகருக்கு 60,000க்குப் பாத்திரமும் 50,000க்கு மிக்சியும். 0417 கேரளத்தில் பதிவு இல்லாத ஒருவருக்கு 20,000க்குப் பாத்திரம். 0418 தமிழ்நாட்டு வணிகருக்கு 80,000க்கு மிக்சி. அந்த 0418இல் 10,000 ரூபாய் மதிப்புள்ள மிக்சிகள் பழுதென்று திரும்பி வர, நவம்பர் 28 அன்று கடை ஒரு கிரெடிட் நோட் போட்டது. அதற்குத் தனி எண் வரிசை. பதிவேட்டில் கழித்தல் குறியோடு தனி வரி. 0418இன் தொகையைக் குறைத்து எழுதுவது தவறு. எந்த மாதத்தில் கிரெடிட் நோட் போடப்பட்டதோ அந்த மாதக் கணக்கில் அது வரும், பில் முந்தைய மாதத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும். ரிட்டர்னில் ஏற்றும்போது மட்டும் கழித்தல் குறி தேவையில்லை, இணையதளமே கழித்துக்கொள்கிறது.

இப்போது தொகுக்கலாம். தமிழ்நாட்டுக்குள் 5 சதவீத விற்பனை 88,000. சிஜிஎஸ்டி 2,200, எஸ்ஜிஎஸ்டி 2,200. தமிழ்நாட்டுக்குள் 18 சதவீத விற்பனை கிரெடிட் நோட் போக 80,000. இரண்டு வரியும் தலா 7,200. வெளிமாநிலம் 5 சதவீதத்தில் 80,000, ஐஜிஎஸ்டி 4,000. வெளிமாநிலம் 18 சதவீதத்தில் 1,70,000, ஐஜிஎஸ்டி 30,600. ஆக மதிப்பு 4,18,000. வரி சிஜிஎஸ்டி 9,400, எஸ்ஜிஎஸ்டி 9,400, ஐஜிஎஸ்டி 34,600, மொத்தம் 53,400.

இதற்கு ஒரு குறுக்குச் சோதனை உண்டு. எட்டு பில்களின் அடியில் உள்ள மொத்தத் தொகைகளைத் தனியே கூட்டினால் 4,83,200. கிரெடிட் நோட்டின் 11,800ஐக் கழித்தால் 4,71,400. மதிப்பும் வரியும் சேர்ந்தாலும் 4,71,400. பில்லின் மொத்தமும் உள்விவரமும் தனித்தனியாகப் படிக்கப்பட்டவை என்பதால் இந்தப் பொருத்தம் நம்பத்தக்கது. கூட்டும்போது 0413, 0414 போன்ற இரட்டை வரி பில்களின் மொத்தத்தை ஒரு முறை மட்டுமே எடுக்க வேண்டும். கடைக் கணக்குப் புத்தகத்தின் விற்பனைத் தொகையோடும் 4,18,000ஐ ஒப்பிட்டுவிட்டால் பதிவேடு முடிந்தது.

ரிட்டர்னில் இதே தொகை வேறு விதமாகப் பிரியும். ஜிஎஸ்டி எண் உள்ளவர்களுக்குப் போட்ட நான்கு பில்கள், மதிப்பு 2,60,000, ஜிஎஸ்டிஆர்-1இன் 4ஆம் அட்டவணையில் தனித்தனியாகப் போகும். காரைக்கால் பில் 5ஆம் அட்டவணைக்கு. வெளிமாநிலத்தில் பதிவு இல்லாதவருக்குப் போட்ட பில் ஒரு லட்சத்தைத் தாண்டினால் அதைத் தனியே காட்ட வேண்டும். 2024 ஆகஸ்டுக்கு முன் இந்த வரம்பு இரண்டரை லட்சமாக இருந்தது. பழைய எக்செல் சூத்திரங்களில் இன்னும் அந்த எண் ஒளிந்திருக்கக்கூடும். பதிவு இல்லாதவர்களுக்கான மற்ற விற்பனை 48,000 மாநிலவாரியாக, விகிதவாரியாகத் தொகுத்து 7ஆம் அட்டவணைக்கு. கிரெடிட் நோட் 9பிக்கு. 2,60,000, 1,20,000, 48,000 மூன்றையும் கூட்டி 10,000ஐக் கழித்தால் மீண்டும் 4,18,000. 12ஆம் அட்டவணையில் எச்எஸ்என் வாரியாகப் பார்த்தால் பாத்திரம் 7323இல் 1,68,000, மிக்சி 8509இல் 2,50,000; அதுவும் 4,18,000.

ஜிஎஸ்டிஆர்-3பியில் இவ்வளவும் 3.1(அ) என்ற ஒரே வரிசையில் அடங்கிவிடுகிறது. அதன் கீழே 3.2இல் வெளிமாநிலத்துப் பதிவு இல்லாதவர்களின் பங்கை மாநிலவாரியாகக் காட்ட வேண்டும்: புதுச்சேரி 1,20,000, கேரளம் 20,000. ஐஜிஎஸ்டியில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு பங்கு என்பதற்கு இது வேண்டியிருக்கிறது. கடை 53,400ஐயும் ரொக்கமாகக் கட்ட வேண்டியதில்லை. கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். அது கொள்முதல் பதிவேட்டின் வேலை.

ஜிஎஸ்டிஆர்-1ஐத் தாக்கல் செய்த பிறகு 0419 போன்ற பில் அகப்பட்டால், 3பியைத் தாக்கல் செய்வதற்கு முன் ஜிஎஸ்டிஆர்-1ஏ படிவத்தில் அதே மாதக் கணக்கில் சேர்க்கலாம். இந்த வசதி 2024 ஜூலை மாதக் கணக்கிலிருந்து இருக்கிறது. 3பியும் போய்விட்டால் அடுத்த மாத ரிட்டர்னில் சேர்த்து, தாமதத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் கட்ட வேண்டும். ஒரு நிதியாண்டின் பிழைகளைத் திருத்த, அடுத்த நவம்பர் 30 வரை அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள் வரை, எது முந்தியதோ அதுவரை அவகாசம் உண்டு. பில்களையும் பதிவேட்டையும் அந்த ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கடை பாதுகாத்து வைத்திருக்க வேண்டும்.